மேஜை டிராயரில் பன்னிரண்டு நாள்

'உரிய காலத்தில் வழங்கப்படும்.' இந்த மூன்று சொற்களை முதன்முதலில் ஒரு செட்டில்மென்ட் ஷீட்டின் அடியில் எழுதியவர் யாரென்று தெரிந்தால், அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். உரிய காலம் என்றால் எந்தக் காலம்? மழைக்காலமா? வேலையை விட்டுப் போகிறவருக்குக் கடைசியாகக் கொடுக்கும் காகிதம் அது. அதில் போய் இப்படி ஒரு வரி.

பெங்களூரில் அடுகோடிப் பக்கம், வண்டிகளுக்கான சின்னச்சின்ன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. கீழே மெஷின்கள், மாடியில் ஆபீஸ். தொண்ணூறு பேருக்குச் சம்பளம், விடுப்பு, வருகை எல்லாம் பார்ப்பது நான் ஒருத்திதான். காக்ஸ் டவுனிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய்வருவேன். போகும்போதே பாதி உயிர் போய்விடும். மீதியை எடுக்க எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மேலே காத்திருப்பார்.

யாராவது ராஜினாமா செய்தால் அவருக்கான கணக்கை ஒரே பக்கத்தில் நான் எழுத வேண்டும். இடப்பக்கம் கம்பெனி கொடுக்க வேண்டியது: வேலை செய்த நாள்களுக்குச் சம்பளம், எடுக்காத விடுப்புக்குப் பணம், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் கிராஜுவிட்டி. வலப்பக்கம் கம்பெனி பிடிப்பது: வாங்கிய அட்வான்ஸில் மீதி, நோட்டீஸ் காலம் குறைந்தால் அதற்கான தொகை, திருப்பித் தராத சாமான். அடியில் மொத்தம். அதற்கும் அடியில், என்றைக்குப் பணம் என்ற வரி. கணக்குப் போடும் சாஃப்ட்வேர் ஒரு முதல் பிரதியைத் துப்பும். அதைச் சரிபார்த்துத் திருத்தி, மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆக்குவது என் வேலை.

அந்த ஏப்ரல் மாதம் வேலையை விட்டவர் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் அக்கா. மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அளந்து, சரி, சரியில்லை என்று பிரிக்கிறவர். பதினோரு வருடம் ஏழு மாதம். கையிலே எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது என்று அவரே சிரிப்பார். நீலசந்திராவில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். அவர் வீட்டுக்காரருக்குப் போன வருடம் சாலை விபத்தில் கால் நொறுங்கி, கம்பி வைத்திருந்தார்கள். மூன்று மாடி ஏற முடியாமல் மனிதர் எட்டு மாதமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்களாம்.

ஏப்ரல் பதிமூன்றாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் அக்கா மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஆபீஸ் நாற்காலியில் எண்ணெய் ஒட்டிவிடும் என்று பயம்.

"மேடம், என் செட்டில்மென்ட் பேப்பர் எப்ப கிடைக்கும்?"

"கடைசி நாள் இருபதாம் தேதிதானே அக்கா. அன்னிக்குத் தருவேன்."

"அதுக்கு முன்னாடி வேணும் மேடம். தேதி போட்ட பேப்பரா வேணும்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அடுகோடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. லீஸுக்கு. பெங்களூரில் இது ஒரு வழக்கம்; வீட்டு ஓனரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி பண்ணும்போது அந்தத் தொகை திரும்ப வந்துவிடும். ஓனர் நாலு லட்சம் கேட்கிறார். நகையை வைத்து, சீட்டை எடுத்து இரண்டரை லட்சம் புரட்டியாகிவிட்டது. மீதி ஒன்றரை லட்சத்துக்கு இந்தச் செட்டில்மென்ட்தான். முன்னறையில் இட்லி, சித்ரான்னம் போட்டு விற்கலாம், கால் நொறுங்கிய மனிதரும் படியில்லாத வீட்டில் வாசல் வரை நடந்து பழகலாம், அதற்குத்தான் அக்கா வேலையையே விடுகிறார். டோக்கனாகப் பத்தாயிரம் கொடுத்தாகிவிட்டது.

"ஓனரு சொல்றாரு, உங்க கம்பெனிக்காரன் இத்தனை ரூபா, இந்தத் தேதிக்குத் தர்றேன்னு எழுதிக் குடுத்த பேப்பரைப் பதினெட்டாம் தேதிக்குள்ள காட்டுங்க, மாசக் கடைசி வரைக்கும் வெயிட் பண்றேன், இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், டோக்கனும் திரும்பாதுங்கறாரு. அவருக்கு இங்கிலீஷ் நல்லாப் படிக்க வரும் மேடம். சும்மா ஏதாவது காட்டினா நம்ப மாட்டாரு."

"அதெல்லாம் தந்துடலாம் அக்கா, கவலைப்படாதீங்க" என்றேன். இந்த வாய் இருக்கிறதே. கணக்கை ஒருமுறை பார்க்கக்கூட இல்லை, அதற்குள் வாக்குக் கொடுத்துவிட்டது.

அன்று மதியமே முதல் பிரதியை எடுத்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்து நான்கு. ஒன்றரை லட்சத்துக்குப் பதினேழாயிரம் குறைகிறது. அடியில் 'நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு, நாற்பத்தைந்து நாளில் அல்லது உரிய காலத்தில் வழங்கப்படும்.' இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த ஓனர் இதிலேயே வடை மடித்துத் தின்பார்.

வரி வரியாகப் பார்த்தேன். ஏப்ரலில் இருபது நாள் சம்பளம், இருபத்துநாலாயிரத்தில் பதினாறாயிரம், சரி. அதில் பி.எஃப். பிடித்தம் ஆயிரத்து நானூற்று ஐம்பத்தாறு, சரி. இருபத்திரண்டு நாள் விடுப்புக்குப் பதினைந்தாயிரத்து நானூறு, சரி. பண்டிகை அட்வான்ஸில் மீதி மூவாயிரம், அதுவும் சரி, அக்காவே வாயால் சொன்னது. கிராஜுவிட்டியில்தான் முதல் கோளாறு. ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். அக்காவின் அடிப்படைச் சம்பளம் பதினெட்டாயிரத்து இருநூறை இருபத்தாறால் வகுத்தால் நாளுக்கு எழுநூறு. பதினைந்து நாளுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு. அதைப் பதினோரு வருடத்தால் பெருக்கி வைத்திருந்தது. மீதி ஏழு மாதம் என்ன ஆயிற்று? ஆறு மாதத்துக்கு மேலே போனால் அது முழு வருடம். பன்னிரண்டால் பெருக்க வேண்டும். பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாயைச் சாஃப்ட்வேர் விழுங்கியிருந்தது.

இரண்டாவது கோளாறு இன்னும் சிக்கலானது. 'நோட்டீஸ் குறைவு, பன்னிரண்டு நாள், ரூ. 9,600 பிடித்தம்.'

எங்களிடம் நோட்டீஸ் முப்பது நாள். ராஜினாமாக் கடிதம் என் மேஜைக்கு வந்த தேதி ஏப்ரல் இரண்டு என்று சிஸ்டத்தில் இருந்தது. நானே ஏற்றியது. அதிலிருந்து முப்பது நாள் என்றால் மே இரண்டு. அக்கா இருபதாம் தேதியே போகிறார். பன்னிரண்டு நாள் குறைவு. சிஸ்டத்தின் மேல் தப்பில்லை.

அக்காவைக் கீழே போய்ப் பார்த்தேன். மைக்ரோமீட்டரை மெஷின் சத்தத்துக்கு நடுவே மூக்கருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, லெட்டரை என்னிக்குக் குடுத்தீங்க?"

"மார்ச் இருபத்தொண்ணு மேடம். சூப்பர்வைசர் சார் கையில குடுத்தேன். முப்பது நாள் விரல் விட்டு எண்ணித்தானே ஏப்ரல் இருபதுன்னு எழுதினேன்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாலும் வாங்கி, தன் மேஜை டிராயரில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் போட்டு வைப்பார். ஒன்றாம் தேதி சம்பளம் ஏறும் வரை அது அங்கேயே கிடக்கும். கோபத்தில் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் சம்பளம் வந்ததும் இளித்துக்கொண்டே வந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மீதியை இரண்டாம் தேதி மாடிக்கு அனுப்புவார். இதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறேன் தெரியுமா என்பார். நானும் இத்தனை வருடமாகக் கேட்டுச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

முதலில் அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் போனேன். கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர். மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை அறுப்பார்.

"சார், இந்த அம்மா லெட்டர் குடுத்தது மார்ச் இருபத்தொண்ணு. சூப்பர்வைசர்தான் வச்சிருந்திருக்காரு. நோட்டீஸ் பிடித்தம் வராது."

"ஆதாரம் இருக்குதுங்களா?"

"லெட்டர்லயே தேதி போட்டிருக்காங்க."

"லெட்டர்ல நான்கூடப் போன வருசத் தேதி போடலாங்க மேடம். நம்ம சீல் இருக்குதா? மெயில் இருக்குதா? இல்லீங்களே. ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது? இயர் எண்டிங் வேற. அப்பறம் தேதி எதுக்குங்க கேக்கறீங்க? உரிய காலத்துலன்னு போட்டா நமக்கும் நல்லதுதானுங்களே."

"நமக்கு நல்லது சார். அவங்களுக்கு?"

"சட்டம் தப்பா இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம்."

"சட்டம் ஒண்ணும் உரிய காலத்துலன்னு சொல்லல சார். வேலையை விட்டவங்களுக்குச் சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள. கிராஜுவிட்டி முப்பது நாளுக்குள்ள. நம்ம பேப்பர்ல இன்னும் நாற்பத்தஞ்சு நாள்னு தாத்தா காலத்து வரி இருக்கு."

விடுபட்ட அந்த ஏழு மாதத்தையும் ஸ்கிரீனில் காட்டினேன்; அவர் எட்டிப் பார்த்தார். பிறகு கிராஜுவிட்டியில் பன்னிரண்டு வருடம் என்பதை ஒப்புக்கொண்டார். தேதியையும் பார்க்கலாம் என்றார். நோட்டீஸை மட்டும் விடவில்லை. "ஆதாரத்தைக் கொண்டாங்க மேடம், ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன். என் காசா அது?" என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிராஜுவிட்டி சரியானால் ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம். ஒன்றரை லட்சத்துக்கு இன்னும் ஆறாயிரத்து அறுநூறு குறைகிறது. நகையும் போய், சீட்டும் போய்விட்ட அந்த வீட்டில் ஆறாயிரத்து அறுநூறு எங்கிருந்து வரும்? யாரோ ஒருவர் ஒரு கடிதத்தை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்ததற்கு இந்த அம்மா ஏன் ஒன்பதாயிரத்து அறுநூறு கட்ட வேண்டும்?

சூப்பர்வைசரைப் பிடித்தேன். அவர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் தொடங்குவார், கன்னடத்தில் முடிப்பார், நடுவில் கை ஆட்டிப் பேசுவார்.

"நீங்க லெட்டரை இருபத்தொண்ணாம் தேதியே வாங்கினீங்கன்னு ஒரு லைன் எழுதிக் குடுங்க. அவ்வளவுதான் வேணும்."

"சும்னே ஏன் மேடம் டென்ஷன் பண்றீங்க? நான் நல்லதுக்குத்தானே வச்சேன். அந்த அம்மா மனசு மாறும்னு நெனச்சேன். இல்லேன்னா இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாரு இருக்காங்க எனக்கு?"

"நல்லதுக்கு வச்சது இப்ப அவங்க வயித்துல அடிக்குது. எழுதுங்க."

"எழுதினா மெமோ என் மேல வரும். அந்தப் பணத்தை என் சம்பளத்துல பிடிப்பாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு மேடம். பேடா."

பேடாவாம், வேண்டாமாம். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். பதினோரு வருடம் உங்கள் லைனில் நின்ற மனுஷிக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையா, அந்த டிராயரைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். லேத் ஓட்டுகிறவர்கள் எல்லாம் மெஷினை மெதுவாக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அக்கா மட்டும் நிமிரவில்லை. அளந்துகொண்டே இருந்தார்.

பதினாலு, பதினைந்து, பதினாறு என்று மூன்று நாள் இதே கூத்து. காலையில் மேனேஜர், மதியம் சூப்பர்வைசர். எடுத்தெறிந்து பேசுவேன், பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சுவேன், பிறகு மறுபடி கத்துவேன். வீட்டுக்குப் போய் வீட்டில் இருப்பவர்கள் மேலும் விழுவேன். ஒரு குழம்பில் உப்பு குறைந்ததற்கு நான் போட்ட சத்தத்தில், என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அவர் என்ன பாவம் செய்தார்?

நடுவில் அக்கா ஒருமுறை மேலே வந்தார். பி.எஃப். பணம் ஏன் இந்தப் பேப்பரில் இல்லை என்று கேட்டார். அது இதில் வராது, பி.எஃப். ஆபீஸில் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது, நாங்கள் வேலையை விட்ட தேதியை ஏற்றிவிட்டால் விதிப்படி பிறகு நீங்கள் விண்ணப்பித்து வாங்கலாம் என்று விளக்கினேன். தலையாட்டினார். நோட்டீஸைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "பதினெட்டு மேடம்" என்றார். அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

பதினேழாம் தேதி காலை. நான் மறுபடி கீழே போனேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினார்.

"மேடம், நில்லுங்க, நில்லுங்க. கத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு லெட்டரை வச்சுக்கிட்டேன், நெஜம். ஆனா நான் என்ன மடையனா? அந்த அம்மா ஒருவேளை போயிட்டா லைன் நிக்குமே. அதுக்காக அன்னிக்கே ஆள் கேட்டு உங்களுக்கு இண்டென்ட் அனுப்பினேன்ல?"

"என்ன இண்டென்ட்?"

"ஆள் வேணும்னு போடற ஃபாரம், மேடம். எப்பவும் அப்படித்தானே பண்றேன். லெட்டர் என் டிராயர்ல, இண்டென்ட் உங்க டேபிள்ல. மனசு மாறினா இண்டென்டைத் திருப்பி வாங்கிக்குவேன். நீங்கதான் சீல் போட்டு வாங்குறீங்க."

கால் படியேறியது எனக்குத் தெரியாது. அலமாரியில் நீல ஃபைல். புதிய ஆள் கேட்டு வரும் படிவங்களை எல்லாம் அதில்தான் குத்தி வைப்பேன். மார்ச் மாதத்தைப் புரட்டினேன். இருந்தது. நாலாக மடித்த அடையாளத்தோடு. 'இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு ஆள் தேவை.' காரணம் என்ற கட்டத்தில் சூப்பர்வைசரின் கோணல் எழுத்தில், 'இப்போது இருக்கும் அம்மா ராஜினாமா கொடுத்திருக்கிறார், ஏப்ரல் இருபது கடைசி.' மேலே வலது மூலையில் எங்கள் ஆபீஸின் வரவு சீல். மார்ச் இருபத்தொன்று. சீலுக்குள் என் கையெழுத்து. கீழ் ஓரத்தில் ஒரு கட்டை விரல் எண்ணெய்க் கறை.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆண்டவரே, என்ன சொல்ல? மூன்று நாள் ஊரைக் கூட்டி யாரைத் திட்டினேன்? அந்த மேனேஜர் கேட்ட ஆதாரம் என் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் இருந்தது. அக்கா போகிறார் என்று இருபத்தொன்றாம் தேதியே கம்பெனிக்குத் தெரியும். கம்பெனி என்றால் யார்? நான்தான். சீலைக் குத்தி, காரணத்தைப் படிக்காமல், ஃபைலில் போட்டுவிட்டு, பன்னிரண்டு நாள் கழித்து வந்த கடிதத்துக்கு ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஏப்ரல் இரண்டு என்று தேதி ஏற்றியிருக்கிறேன். டிராயரில் கிடந்த கடிதத்தைத் தேடிப் போனவளுக்கு, தன் அலமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஃபைலோடு மேனேஜர் முன்னால் போய் வைத்தேன். அவர் சீலைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துங்களே."

"ஆமா சார்."

"அப்ப இருபத்தொண்ணே நம்ம ஆபீஸுக்குத் தகவல் வந்துடுச்சு."

"வந்துடுச்சு சார். நான்தான் பாக்கல."

அவர் இளிப்பார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். இளிக்கவில்லை. "அதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க மேடம், கூட வச்சுக்கறேன். பிடித்தத்தை எடுத்துடலாங்க" என்றார். எழுதினேன். சூப்பர்வைசர் எழுத மாட்டேன் என்ற அந்த ஒரு வரியை நான் எழுதியபோதுதான் அது எவ்வளவு கசக்கும் என்று தெரிந்தது. 'தகவல் மார்ச் 21 அன்று கிடைத்தும், கவனக்குறைவால் பதிவு செய்யத் தவறினேன்.' மெமோ பிறகு வந்தது. வரட்டும்.

அதன் பிறகு ஷீட்டைத் திருத்த உட்கார்ந்தேன். நோட்டீஸ் வரியில், 'தகவல் பெற்ற நாள் மார்ச் 21, நோட்டீஸ் முப்பது நாள் முழுமை, பிடித்தம் இல்லை' என்று போட்டேன். அட்வான்ஸ் மூவாயிரத்தைச் சம்பளத்துக்கு எதிரே வைத்தேன். கிராஜுவிட்டியிலிருந்து அட்வான்ஸைக் கழிக்கக் கூடாது என்பதால் அதைத் தனியாகப் பிரித்தேன். 'நிர்வாகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு' என்பதைத் தூக்கினேன், ஒப்புதல் கையெழுத்தையே வாங்கிவிட்ட பிறகு அது எதற்கு? 'உரிய காலத்தில்' இருந்த இடத்தில் இரண்டு வரி. சம்பளமும் விடுப்புப் பணமும், அட்வான்ஸ் போக, இருபத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, ஏப்ரல் இருபத்திரண்டு அன்று. கிராஜுவிட்டி ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம், ஏப்ரல் இருபத்துநான்கு அன்று. இரண்டும் அவருடைய வங்கிக் கணக்கில். மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. இரண்டு தேதிக்கும் நேரே மேனேஜரின் கையெழுத்து, சீல். ஓனர் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

மதியம் சூப்பர்வைசரிடம் போனேன். எல்லார் முன்னாலும் கத்தியதால் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும் என்று, "தப்பு என் மேலயும் இருக்கு, மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த மனிதர், "பிடி மேடம், விடுங்க" என்று கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு டிராயரைத் திறந்து காட்டினார். டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. "இனிமே லெட்டர் வந்தா நேரா மேல" என்றார். அது எத்தனை மாதத்துக்கு என்று பார்க்க வேண்டும்.

சாயந்திரம் நாலு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். ஷீட்டை மேஜைமேல் விரித்து, அதனுடன் ஆதாரமாக வைத்திருந்த இண்டென்டையும் விரித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் முதலில் தேதியைத்தான் கேட்டார். விரலைத் தாளில் படாமல் மேலே வைத்து, "இந்தத் தேதி மாறாதே மேடம்?" என்றார்.

"மாறாது அக்கா. மாறினா நான் என் சொந்தக் காசைப் போடறேன்."

அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மொத்தத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியில் கொஞ்சம் கர்வமும் இருந்ததை மறைப்பானேன். இந்த இண்டென்ட் கிடைக்காவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது அக்கா, நல்லவேளை கண்ணில் பட்டது என்று அந்தத் தாளைத் தட்டிக் காட்டினேன்.

அக்கா குனிந்து அதைப் பார்த்தார். கீழ் ஓரத்தில் இருந்த எண்ணெய்க் கறையின் மேல் தன் கட்டை விரலை வைத்தார். அப்படியே பொருந்தியது.

"இதை நான்தானே மேடம் கொண்டாந்தேன்" என்றார்.

"எதை?"

"இந்தப் பேப்பரை. லெட்டர் குடுத்த அன்னிக்கு சூப்பர்வைசர் சார் இதை மடிச்சு என் கையிலயே குடுத்து, மேல மேடம்கிட்ட குடுத்துடுன்னாரு. எனக்கு உள்ள என்னன்னு தெரியாது. நான் வேற, லெட்டர் குடுத்த விஷயத்தை உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னு இதோ இங்கதான் நின்னேன். நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க. சீல் போட்டீங்க. சரி, போங்கன்னு கை காட்டினீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அளந்து, சரி, சரியில்லை என்று பிரித்து வைக்கிற அதே குரல்.

"அப்பவே ஏன் அக்கா சொல்லலை? இந்த நாலு நாள்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எதைச் சொல்றது மேடம்? நீங்கதான் எனக்காக எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டிருந்தீங்களே."

ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டு படி இறங்கினார். மறுநாள் ஓனர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சாவியை அக்காவுக்கென்று தனியாக எடுத்து வைத்தாராம். இருபத்திரண்டாம் தேதியும் இருபத்துநான்காம் தேதியும் பணம் ஏறியது. நானே இரண்டு நாளும் பதினோரு மணிக்கு வங்கியில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அக்காவின் முன்னறையில் இட்லி நன்றாக ஓடுகிறது. அவர் வீட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று காசு வாங்குகிறார். அந்த வழியாகத்தான் தினமும் ஸ்கூட்டரில் போகிறேன். இதுவரை ஒருநாளும் நிறுத்தவில்லை. அக்கா பார்த்துவிட்டால் கூப்பிடுவார், உட்கார வைத்து இரண்டு இட்லி வைப்பார். அன்று நான் போனில் பேசிக்கொண்டே எந்தக் கையைக் காட்டி, போங்கள் என்றேன் என்று அவர் மறந்திருப்பார். எனக்குத்தான் அந்தக் கை இன்னும் கூசுகிறது.